செயற்கைக்கோளுக்குப் பின்னால் 0.17 டிகிரி

ரிசோர்ஸ்சாட்-2 பூமியைச் சுற்றும் உயரம் ஏறக்குறைய 817 கிலோமீட்டர். ஒரு தரைநிலையத்தின் வானத்தில் அது ஒரு பக்கம் எழுந்து, உச்சியைக் கடந்து, மறு பக்கம் மறைய அதிகபட்சம் கால் மணி நேரம் ஆகும். படங்களையெல்லாம் அதற்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். ஹைதராபாத்துக்கு அருகே ஷாத்நகரில் இருக்கும் தரைநிலையம் போன்ற இடங்களில் நாள்தோறும் நடக்கிற வேலை இது. பெரிய கிண்ண ஆன்டெனா ஒன்று, நகர்கிற செயற்கைக்கோளைப் பார்த்தபடியே மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும்.

மெல்ல என்று சொன்னாலும், செயற்கைக்கோள் உச்சிக்கு வரும்போது நொடிக்கு அரை டிகிரி திரும்பியாக வேண்டும். ஏழரை மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் 8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கூர்மையாகப் பார்க்கிற அகலம் சுமார் 0.35 டிகிரிதான். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் நகம் வானத்தில் ஏறக்குறைய ஒரு டிகிரியை மறைக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு இந்த அகலம். நடுவிலிருந்து ஒரு பக்கமாக அதில் பாதி, அதாவது 0.175 டிகிரி, விலகினாலே வரும் சிக்னலின் வலு சரிபாதி ஆகிவிடும்.

இந்தக் கட்டுரைக்காக அப்படி ஒரு ஆன்டெனாவைத் தாளில் எழுப்பிப் பார்க்கலாம். எந்த நிலையத்தின் உண்மைக் கருவியும் இல்லை, கணக்குக்கு எளிதான மாதிரி. மேலும் கீழுமாகத் திரும்பும் அச்சை மட்டும் எடுத்துக்கொள்வோம். மோட்டாரும் கிண்ணமும் வேகம் பிடிக்கக் கால் நொடி ஆகிறது. மோட்டாருக்கு மின்சாரம் தரும் ஆம்ப்ளிஃபயர் தன் பங்குக்கு 0.05 நொடி தாமதிக்கிறது. இவற்றைக் கட்டுப்பாட்டுப் பொறியாளர்களின் மொழியில் எழுதினால் ஒரே வரி:

`G(s) = 230 / ( s (s + 4) (s + 20) )`

கீழே உள்ள 4 என்பது கால் நொடியின் தலைகீழ். 20 என்பது 0.05 நொடியின் தலைகீழ். தனியாக நிற்கும் `s`, மோட்டார் சுழலச் சுழலக் கோணம் சேர்ந்துகொண்டே போவதைக் குறிக்கிறது. மேலே உள்ள 230தான் பொறியாளர் திருகிக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற கெயின்.

இந்த ஆன்டெனாவிடம் சட்டென்று ஒரு டிகிரி திரும்பச் சொன்னால், இலக்கைத் தாண்டி 16 சதவீதம் போய், திரும்பி வந்து, இரண்டரை நொடிக்குள் அடங்கிவிடுகிறது. இந்தத் தொடக்க ஆட்டம் பொறியாளர்களுக்குத் திருப்தியானதுதான். ஆனால் நொடிக்கு அரை டிகிரி நகர்கிற செயற்கைக்கோளைத் துரத்தச் சொன்னால், எத்தனை நேரம் விட்டாலும் 0.174 டிகிரி பின்னாலேயே வருகிறது. சிக்னல் பாதியாகும் எல்லையும் கிட்டத்தட்ட அதே அளவுதான் என்பதை நினைவில் வையுங்கள். ஆன்டெனா ஒழுங்காகத்தான் ஓடுகிறது, ஆனால் சிக்னலில் பாதி காணாமல் போகிறது.

ஏன் பின்தங்குகிறது? பின்னூட்டக் கட்டுப்பாட்டில் மோட்டாருக்குக் கட்டளை தருவது பிழைதான். இருக்க வேண்டிய கோணத்திலிருந்து இருக்கிற கோணத்தைக் கழித்து, மிச்சத்தைக் கெயினால் பெருக்கி, மோட்டாருக்கு வோல்டேஜாகக் கொடுக்கிறார்கள். ஒரே இடத்தில் நிற்கும் இலக்கு என்றால் பிழை சுழியம் ஆனதும் மோட்டார் நின்றுவிடும், கணக்கு நேராகிவிடும். நகரும் இலக்கு என்றால் மோட்டார் நிற்கக் கூடாது. சுழன்றுகொண்டே இருக்க வோல்டேஜ் வேண்டும். வோல்டேஜ் வர வேண்டுமென்றால் பிழை இருந்தாக வேண்டும். பிழை அழிந்தால் மோட்டாருக்குத் தீனி இல்லை. ஆகவே நொடிக்கு அரை டிகிரி ஓட எவ்வளவு பிழை தேவையோ, அவ்வளவைத் தக்கவைத்துக்கொண்டே ஆன்டெனா ஓடுகிறது. ஓட்டம் சீரான பிறகும் மிஞ்சுகிற இதைத்தான் நிலைப் பிழை என்கிறார்கள். வேகத்தைப் பிழையால் வகுத்தால் வரும் எண்ணுக்கு `Kv` என்று பெயர். இங்கே அது 2.87.

பிழையைப் பத்தில் ஒரு பங்காக்க வேண்டும். அப்படியானால் `Kv` 28.7 ஆக வேண்டும். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கெயினைப் பத்து மடங்காக்குவது. செய்து பார்த்தால் என்ன ஆகும்?

இரண்டு மடங்காக்கினாலே, தாண்டிப் போகும் அளவு 16 சதவீதத்திலிருந்து 38 ஆகிறது. ஆன்டெனா இலக்கைத் தாண்டி, திரும்பி, மறுபடி தாண்டி, ஊஞ்சலாடத் தொடங்குகிறது. கெயினை ஏற்ற ஏற்ற ஊஞ்சல் நீளும். எட்டு மடங்கைச் சற்றுத் தாண்டியதும், சரியாகச் சொன்னால் மேலே உள்ள எண் 1920-ஐத் தொட்டதும், ஆட்டம் அடங்கவே அடங்காது. பத்து மடங்கு என்பது அதற்கும் அப்பால். அங்கே ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, மோட்டார் தன் வலுவின் எல்லைக்கு இருபுறமும் முட்டிக்கொள்ளும். காரணம் தாமதம்தான். திருத்தம் போய்ச் சேர்வதற்குள் நிலைமை மாறிவிடுகிறது. மெதுவான திருத்தம் என்றால் பாதகமில்லை. ஓங்கி அடிக்கிற திருத்தம் நேரம் தவறி வந்தால் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும்.

ஆக, இரண்டு வேலைகளுக்கு இரண்டு கெயின் தேவைப்படுகிறது. சீராக நீடிக்கிற பிழைக்கு 10 மடங்கு கெயின் வேண்டும். ஒரு நொடிக்குள் வந்து போகிற ஆட்டத்துக்குப் பழைய கெயினே போதும், அதற்கு மேல் ஒரு துளியும் கூடாது. இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் அடைப்பதுதான் லேக் காம்பென்சேட்டர்.

அதன் சமன்பாடும் ஒரு வரிதான்:

`C(s) = (s + 0.1) / (s + 0.01)`

மெதுவாக மாறும் பிழைக்கு `s` என்பது சுழியத்துக்குப் பக்கம். அங்கே இந்தப் பின்னம் 0.1 வகுத்தல் 0.01, அதாவது 10. வேகமாக மாறும் பிழைக்கு `s` பெரிய எண். அதன் முன் 0.1-உம் 0.01-உம் தூசு, பின்னம் ஏறக்குறைய 1. பெட்டி கேட்பது ஒரே கேள்விதான்: இந்தப் பிழை எத்தனை நேரமாக இருக்கிறது? வந்து போனதைக் கண்டுகொள்ளாது. விடாமல் நிற்கிற பிழையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து மடங்குவரை பெருக்கிக் காட்டும்.

மேலே உள்ள 0.1-ஐ ஜீரோ என்றும், கீழே உள்ள 0.01-ஐப் போல் என்றும் அழைப்பார்கள். இவற்றை எங்கே வைப்பது என்பதுதான் வடிவமைப்பின் சாரம். அதைப் பார்க்க ஒரு படம் உதவும். வால்ட்டர் எவன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1948-இல் ரூட் லோகஸ் என்ற வரைபட முறையை வெளியிட்டார். ஒரு தாளில் போல்களையும் ஜீரோக்களையும் புள்ளிகளாகக் குறித்து, கெயினை ஏற்றினால் ஆன்டெனாவின் நடத்தையைத் தீர்மானிக்கும் புள்ளிகள் எந்தப் பாதையில் நகரும் என்று கோணங்களை அளந்தே வரைந்துவிடலாம். நம் ஆன்டெனாவின் தொடக்க ஆட்டத்தை ஆள்வது அந்தத் தாளில் −1.67 ± j2.89 என்ற இடத்தில் இருக்கும் இரட்டைப் புள்ளி. தாளின் மையத்திலிருந்து அதன் தூரம் 3.33.

இனி பொட்டல் காட்டில் பக்கம் பக்கமாக நிற்கும் இரண்டு பனைமரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். தொலைவில் நிற்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே திசையில், ஒரே தூரத்தில், ஒன்றாகவே தெரியும். ஆனால் முதல் மரத்தின் அடியில், ஓர் அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அது ஓர் அடி தூரம், அடுத்தது பத்தடி தூரம். பத்து மடங்கு வித்தியாசம்!

காம்பென்சேட்டரின் போலும் ஜீரோவும் அந்த இரண்டு மரங்கள். தாளின் மையத்தில் இருப்பது நிலைப் பிழையின் கணக்கு. அங்கிருந்து பார்த்தால் ஒன்று 0.01 தூரத்தில், மற்றது 0.1 தூரத்தில், ஆகவே பத்து மடங்கு கிடைக்கிறது. 3.33 தூரத்தில் இருக்கும் இரட்டைப் புள்ளிக்கோ இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. அங்கிருந்து இரண்டின் கோணங்களையும் அளந்து கழித்தால் வித்தியாசம் 1.4 டிகிரிதான். பாடப்புத்தகங்கள் 5 டிகிரிக்குள் இருந்தால் போதும் என்கின்றன.

முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்தால், இரட்டைப் புள்ளி −1.62 ± j2.85-க்கு நகர்கிறது. நகர்ந்ததே தெரியாத நகர்வு. ஆட்டத்தை அடக்கும் அளவு 0.50-இலிருந்து 0.49 ஆகிறது. `Kv` 28.7-க்கு ஏறிவிட்டது. நிலைப் பிழை 0.174 டிகிரியிலிருந்து 0.0174 ஆகிவிட்டது. அவ்வளவு சிறிய விலகலில் சிக்னல் இழப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. லேக் என்றால் பின்தங்குதல். இந்தப் பெட்டி வழியாக அலைவடிவ சிக்னல் போனால், வெளியே வருவது கட்டத்தில் சற்றுப் பிந்தி வரும். நம் பெட்டியில் இந்தப் பிந்தல் அதிகபட்சம் 55 டிகிரி, அதுவும் மிக மெதுவான அலைகளுக்கு. யாரும் இந்தப் பிந்தலுக்காக இந்தப் பெட்டியை வாங்குவதில்லை. அது பக்க விளைவு. ஆன்டெனாவின் ஆட்டம் நடக்கிற வேகத்தில் அந்தப் பிந்தல் 2 டிகிரிக்கு இறங்கிவிட வேண்டும் என்பதற்காகத்தான் போலையும் ஜீரோவையும் அவ்வளவு மெதுவான பக்கம் தள்ளி வைக்கிறார்கள். ஒரு கருவிக்கு அதன் குறையின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இதுவரை எல்லாம் சுபம். விலை எங்கே?

விலை ஒரு வால். புதிதாகச் சேர்த்த போல் காரணமாக, ஆன்டெனாவின் நடத்தையில் −0.103 என்ற இடத்தில் ஒரு புதிய மெதுவான புள்ளி பிறந்திருக்கிறது. அதன் காலம் சுமார் 9.7 நொடி. பழைய ஆன்டெனா இரண்டரை நொடிக்குள் அடங்கியது. புதியது என்ன செய்கிறது? ஒரு டிகிரி திரும்பச் சொன்னால், தாண்டல் 16-இலிருந்து 20 சதவீதத்துக்கு ஏறுகிறது. ஆட்டம் நின்ற பிறகும் மூன்று சதவீத அளவுள்ள ஒரு மிச்சம் ஒட்டிக்கொண்டு, மெழுகுவர்த்தி கரைவதுபோல் மெதுவாகக் கரைகிறது. இரண்டு சதவீதத்துக்குள் அடங்க இப்போது சுமார் 5 நொடி.

துரத்தலில் இந்த வால் இன்னும் தெளிவாகத் தெரியும். நொடிக்கு அரை டிகிரி ஓடச் சொல்லி, பிழையைத் திரையில் வரையவிட்டால், முதல் இரண்டு மூன்று நொடிகளில் அது பழைய 0.17-ஐ நோக்கியே ஏறும். காம்பென்சேட்டர் வேலையே செய்யவில்லையோ என்று தோன்றும். பிறகு கோடு சரியத் தொடங்கும். 10-ஆவது நொடியில் 0.075. 20-இல் 0.038. 30-இல் 0.025. வாக்களித்த 0.0174-ஐத் தொட முக்கால் நிமிடம் ஆகிவிடும். முதல் ஐந்து நொடியைப் பார்த்துவிட்டு, ஜீரோவை மாற்றுவோமா, கெயினைக் கூட்டுவோமா என்று கை வைத்துக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

வாலைச் சுருக்க முடியாதா? முடியும். இரண்டு மரங்களையும் மையத்திலிருந்து தள்ளி, ஜீரோவை 0.3-இலும் போலை 0.03-இலும் வைத்தால், பத்து மடங்கு விகிதம் அப்படியே இருக்கும். வாலின் காலம் 3 நொடியாகக் குறையும். ஆனால் இப்போது இரட்டைப் புள்ளிக்கு மரங்கள் அவ்வளவு தொலைவில் இல்லை, கோண வித்தியாசம் 4.2 டிகிரி. அது இன்னும் 5 டிகிரிக்குள்தான். ஆனால் தாண்டல் சுமார் 28 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. 5 டிகிரி விதியை மட்டும் நம்பி வடிவமைத்தவர் இங்கே ஏமாறுவார். இரட்டைப் புள்ளி அதிகம் நகரவில்லை, அடக்கும் அளவு 0.48-க்குத்தான் இறங்கியது. தாண்டலைக் கூட்டியது புதிய மெதுவான புள்ளிதான். அது ஜீரோவிலிருந்து சற்று விலகி 0.33-இல் நிற்பதால், 11 சதவீதத்துக்கும் மேலான மிச்சத்தை ஆட்டத்தின் தலையில் ஏற்றிவிடுகிறது. அந்த விதி ஆட்டத்தின் புள்ளிகள் எவ்வளவு நகர்ந்தன என்று சொல்லுமே தவிர, வாலின் கனத்தைச் சொல்லாது. முழுப் படத்தையும் கணினியில் வரைந்து பார்க்காமல் முடிவு எடுக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு எடுத்துக்காட்டே போதும்.

எதிர்ப்பக்கம் போனால்? போல் 0.001, ஜீரோ 0.01 என்று மையத்தோடு ஒட்டவைத்தால் தொடக்க ஆட்டம் பழையபடியே இருக்கும். நிலைப் பிழையும் தாளில் 0.0174-தான். ஆனால் வாலின் காலம் 100 நொடி அளவுக்கு நீளும். செயற்கைக்கோள் அதுவரை காத்திருக்காது.

இந்த இடத்தில்தான் வானத்தில் நடப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இலக்கு நொடிக்கு அரை டிகிரி என்ற ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அடிவானத்தில் எழும்போது 3,300 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் நொடிக்கு 0.06 டிகிரிதான் ஏறுகிறது. நெருங்க நெருங்க வேகம் கூடி, உச்சியில் அரை டிகிரியைத் தொட்டு, மறுபடி குறைகிறது. உச்சிக்கு ஒரு நிமிடம் முன்னும் பின்னும் வேகம் மாறும் வீதம் அதிகம், நொடிக்கு நொடி 0.003 டிகிரி. வேகம் மாறிக்கொண்டே இருந்தால் வாலுக்குக் கரைய நேரமில்லை. அது ஒரு கூடுதல் பிழையாக ஒட்டிக்கொள்கிறது.

அந்தக் கூடுதலை மூன்று வடிவமைப்புகளுக்கும் கணக்கிட்டால் விஷயம் பளிச்சென்று தெரியும். ஜீரோ 0.1-இல் இருந்தால் கூடுதல் பிழை 0.01 டிகிரிக்கும் கொஞ்சம் குறைவு. நிலைப் பிழையோடு சேர்ந்தாலும் 0.02-ஐச் சற்றே தாண்டும், கவலையில்லை. 0.3-இல் இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு. 0.01-இல் இருந்தால் 0.09 டிகிரி. பழைய பிழையில் பாதி திரும்பி வந்துவிட்டது, பத்து மடங்கு என்ற வாக்குறுதி தாளோடு நின்றுவிட்டது. எனவே ஜீரோவை எவ்வளவு உள்ளே தள்ளலாம் என்பதைச் சொல்வது, இலக்கு தன் வேகத்தை எவ்வளவு சீக்கிரம் மாற்றிக்கொள்கிறது என்பதுதான். நம் செயற்கைக்கோளின் வேகம் மாற ஒன்று இரண்டு நிமிடம் எடுக்கிறது. 10 நொடி வால் அதற்குள் அடங்கிவிடும், 100 நொடி வால் அடங்காது. 0.1 என்ற தேர்வு இப்படித்தான் நியாயமாகிறது.

பத்து மடங்கு என்ற விகிதத்தையும் யாரும் சட்டமாக்கிவிடவில்லை. இருபது மடங்கு வேண்டுமென்றால் ஜீரோவை அப்படியே விட்டு, போலை 0.005-க்கு இறக்கினால் போதும். போலைச் சுழியத்திலேயே வைத்துவிட்டால் விகிதம் முடிவிலி. அதுதான் பிஐ கன்ட்ரோலர். சீரான வேகத்தில் ஓடும் இலக்குக்கு நிலைப் பிழையே இருக்காது. அப்படியிருக்க லேக் எதற்கு என்று கேட்பது நியாயமே. பல இடங்களில் பிஐ-தான் பயன்படுகிறது. லேக்குக்கு ஒரு குணம் உண்டு: அதன் நினைவு கசியும். பிஐ பழைய பிழையை மறக்காமல் சேர்த்துக்கொண்டே போகும். லேக் பெட்டி 100 நொடியில் பழையதைப் பெரும்பாலும் மறந்துவிடும். பல் சக்கரங்களில் இறுக்கமான உராய்வு இருந்தால், மறக்காத பிஐ ஓர் இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் சிறிதாக உலாத்தும். மோட்டார் நகரவில்லை, பிழை சேர்கிறது, ஒரு கட்டத்தில் உராய்வை உடைத்துக்கொண்டு குதிக்கிறது, மறுபக்கம் அதே கதை. லேக்கின் பெருக்கத்துக்கு ஓர் உச்சவரம்பு இருப்பதால் பிழை சிறியதாக இருக்கும்வரை அந்தக் குதிப்பு நேராமல் தப்பலாம். அதற்கு விலையாகச் சிறிய பிழை ஒன்று மிஞ்சும்.

இதைக் கையால் செய்தால் எப்படி இருக்கும்? பழைய முறையில் இரண்டு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் போதும். சிக்னல் 9 மெகாஓம் ரெசிஸ்டர் வழியாக வருகிறது. அதன் மறுமுனையிலிருந்து 1 மெகாஓம் ரெசிஸ்டரும் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரைக்கு இறங்குகின்றன. வெளியீடு அந்த மறுமுனையிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஒரு மெகாஓமைப் பத்து மைக்ரோஃபாரடால் பெருக்கினால் 10 நொடி, அது ஜீரோ. மொத்தப் பத்து மெகாஓமைப் பெருக்கினால் 100 நொடி, அது போல்.

இந்தச் சுற்றைச் சற்று உற்றுப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். இது எதையும் பெருக்குவதில்லை. மெதுவான சிக்னலை அப்படியே விடுகிறது, வேகமானதைப் பத்தில் ஒன்றாக வெட்டுகிறது. பெருக்கத்தைப் பின்னால் வரும் ஆம்ப்ளிஃபயர்தான் பத்து மடங்கு ஏற்றித் தருகிறது. அந்த ஏற்றத்தால் ஆட்டம் வெடிக்காமல், வேகமான பகுதியை முன்கூட்டியே அடக்கி வைப்பதுதான் லேக்கின் பங்கு. ஆம்ப்ளிஃபயரைப் பத்து மடங்கு ஏற்ற மறந்தால், நிலைப் பிழை இம்மியும் குறையாது. ஆன்டெனா மந்தமாகிவிடும், அவ்வளவுதான். சோதனைச்சாலைகளில் மாணவர்கள் சறுக்குகிற இடம் இது.

கெப்பாசிட்டர் தேர்விலும் ஒரு பொறி. பத்து மைக்ரோஃபாரட் என்றதும் கைக்கு வருவது எலக்ட்ரோலிட்டிக் வகை. அதன் வழியாகக் கொஞ்சம் மின்னோட்டம் கசியும். மெகாஓம் ரெசிஸ்டர்களுக்குப் பக்கத்தில் அந்தக் கசிவு புறக்கணிக்கத்தக்கது அல்ல. கசிவு, வரும் வோல்டேஜில் ஒரு பகுதியைத் தின்றுவிடும், பத்து மடங்கு என்பது ஏழு, எட்டாகக் குறைந்துவிடும். கசிவு குறைந்த ஃபிலிம் வகையைப் போட்டால் பெட்டி பெரிதாகும், கணக்கு சரியாக இருக்கும்.

இப்போது இதெல்லாம் மைக்ரோகன்ட்ரோலரில் இரண்டு வரி. நொடிக்கு நூறு முறை ஓடும் நிரலில் நம் காம்பென்சேட்டர் இப்படி இருக்கும்:

```
u = 0.9999*u_old + 1.00045*e - 0.99945*e_old;
u_old = u;  e_old = e;
```

எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 0.9999-ஐப் பாருங்கள். போல் இருக்கிற இடமே அந்த நான்காவது 9-இல்தான் ஒளிந்திருக்கிறது. யாராவது மூன்று தசமம் போதும் என்று எண்களைச் சுருக்கினால் 0.9999 என்பது 1.000 ஆகிவிடும். கசியும் நினைவு கசியாத நினைவாகி, லேக் சத்தமில்லாமல் பிஐ ஆகிவிடும். 16 பிட் முழு எண்களில் கணக்குப் போடும் சிறிய சிப்களில் இது யாரும் கேட்காமலே நடக்கும். அங்கே ஒரு படி என்பதே 0.00003, ஒன்றுக்கும் 0.9999-க்கும் இடையே மூன்றே படிகள். போல் எட்டு சதவீதம் இடம் மாறி உட்காரும். நிரலை நொடிக்கு ஆயிரம் முறை ஓடவிட்டால் நிலைமை இன்னும் மோசம், எண் 0.99999 ஆகிவிடும். மெதுவான பெட்டியை மெதுவாகவே, நொடிக்குப் பத்து முறை ஓடவிடுவது ஒரு வழி. `u`-வை 32 பிட்டில் வைத்துக்கொள்வது இன்னொரு வழி.

இன்னொரு தொல்லை, ஒவ்வொரு முறை செயற்கைக்கோள் வருவதற்கு முன்னும் நேரும். முந்தைய செயற்கைக்கோள் மறைந்த இடத்திலிருந்து அடுத்தது எழும் இடத்துக்கு ஆன்டெனா நூறு டிகிரிவரைகூடத் திரும்ப வேண்டியிருக்கும். அந்த நேரம் பிழை பெரிது, மோட்டார் தன் உச்ச வேகத்தில் முட்டி நிற்கிறது, அதற்கு மேல் அதனால் ஓட முடியாது. லேக் பெட்டிக்கோ அது தெரியாது. பிழை விடாமல் இருக்கிறதே என்று தன்பாட்டுக்குச் சேர்த்துக்கொண்டே போகிறது. இலக்கை அடையும்போது பெட்டிக்குள் ஒரு பெரிய கடன் நிற்கும். ஆன்டெனா இலக்கைத் தாண்டிப் பல டிகிரி ஓடி, அந்தக் கடன் கரையும்வரை திரும்பி வராது. அடையாளம் எளிது: சிறிய படிக்கு அழகாக நடந்துகொள்ளும் ஆன்டெனா, பெரிய திருப்பத்தில் மட்டும் மூர்க்கமாகத் தாண்டும். இதற்கு வைத்தியம், மோட்டார் முட்டி நிற்கும்போது `u` சேர்வதை நிறுத்திவைப்பது. அல்லது பிழை ஒரு டிகிரிக்குள் வந்த பிறகே லேக்கை இணைத்து, இணைக்கும் நொடியில் `u_old`-ஐயும் `e_old`-ஐயும் அப்போதைய பிழைக்குச் சமமாக வைத்துவிடுவது.

கடைசியில் களத்தில் சோதிக்க இரண்டு பதிவுகள் போதும். ஒரு டிகிரி படி ஒன்று, நொடிக்கு அரை டிகிரி ஓட்டம் ஒரு நிமிடம். படியில் முதல் உச்சம் 20 சதவீதத்துக்குப் பக்கம் இருந்து, ஓட்டத்தில் 40-ஆவது நொடியில் பிழை 0.02-க்குப் பக்கம் இருந்தால், தாளில் வரைந்த ஆன்டெனாவும் மேலே நிற்கிற ஆன்டெனாவும் ஒன்றுதான். முதல் உச்சம் 28-ஐத் தொட்டால் ஜீரோ இடம் தவறிவிட்டது. உச்சம் சரியாக இருந்து, பிழைக்கோடு கீழே இறங்காமல் 0.03-இல் நிலைத்துவிட்டால் கசிவையோ எண்சுருக்கத்தையோ தேட வேண்டும். கோடு இறங்கி, ஆனால் ரம்பப் பல்லைப்போல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் கணினியை மூடிவிட்டு, கிரீஸ் டப்பாவோடு ஏணியில் ஏறிப் பல் சக்கரங்களைப் பார்ப்பது நல்லது.